349 ரூபாய் கிலுகிலுப்பை: கைக்குழந்தைக்கு இணையத்தில் பொருள் வாங்குபவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

என் தங்கை மகனுக்கு அப்போது எட்டு மாதம். கையில் கிடைப்பது எல்லாம் வாய்க்குள் போகும் பருவம். தங்கை ஒரு நாள் இரவு இணைப்பு ஒன்றை அனுப்பி, "அக்கா, ஏழு கிலுகிலுப்பை சேர்ந்த செட், 349 ரூபாய்தான். நாலரை நட்சத்திரம். ஆர்டர் போட்டுவிட்டேன்" என்றாள். போட்ட பிறகுதான் என்னிடம் கேட்டாள் என்பதைக் கவனியுங்கள். பெரும்பாலான வீடுகளில் இதுதான் வரிசை. நான் பொம்மைக் கடைக்குச் சரக்கு எடுத்துக் கொடுக்கும் வேலையில் சில ஆண்டுகள் இருந்தவள். அந்தப் பக்கத்தை அரை மணி நேரம் துருவிப் பார்த்தேன். எதை எதற்காகப் பார்த்தேன் என்பதை அதே வரிசையில் எழுதுகிறேன். குழந்தைப் பொருட்கள் நூறு வகை உண்டு. வாய்க்குள் போகும் பொம்மையை மட்டும் முழுமையாகப் பார்த்துவிட்டு, பால் பாட்டிலைக் கொஞ்சம் தொட்டுச் செல்கிறேன்.

வயது: பக்கம் சொல்வது ஒன்று, பெட்டி சொல்வது ஒன்று

விற்பனைப் பக்கத்தின் தலைப்பில் "6 மாதம் முதல் 5 வயது வரை" என்று இருந்தது. தலைப்பை விற்பவர் எழுதுகிறார். தேடுபவர்களின் கண்ணில் பட வேண்டும் என்பதற்காக வயதை எவ்வளவு அகலமாக வேண்டுமானாலும் விரிப்பார். அதனால் நான் தலைப்பைப் படிப்பதில்லை, படங்களைத்தான் பெரிதாக்கிப் பார்ப்பேன். ஐந்தாவது படத்தில் பெட்டியின் பின்பக்கம் தெரிந்தது. அதன் மூலையில் ஒரு சிவப்பு வட்டம், உள்ளே அழுகிற குழந்தை முகம், 0-3 என்ற எண், குறுக்கே ஒரு கோடு. மூன்று வயது நிறையாத குழந்தைக்கு இது ஆகாது என்பது அதன் பொருள்.

இந்த வயதைப் பலர் அறிவு வளர்ச்சியோடு குழப்பிக்கொள்கிறார்கள். "எங்கள் பிள்ளை கெட்டிக்காரன், மூன்று வயதுப் பொம்மையை ஒன்றரை வயதிலேயே விளையாடுவான்" என்பார்கள். இந்தக் குறிக்கும் கெட்டிக்காரத்தனத்துக்கும் தொடர்பில்லை. சின்னக் குழந்தையின் மூச்சுக்குழாயை அடைக்கும் அளவுக்குச் சிறிய துண்டு அந்தப் பொம்மையில் இருக்கலாம் என்பதுதான் எச்சரிக்கை. மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கான பொம்மையை ஆய்வுக்கூடத்தில் கீழே போட்டு, இழுத்து, முறுக்கிப் பார்ப்பார்கள். உடைந்து வரும் துண்டு 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு சிறு குழலுக்குள் அழுத்தாமலே முழுவதும் இறங்கிவிட்டால் அந்தப் பொம்மை தோற்றது.

இந்தச் சோதனையில் தப்பிக்க ஒரு குறுக்குவழி உண்டு. கிலுகிலுப்பை என்பதே கைக்குழந்தைக்கான பொருள். நாலு வயதுப் பிள்ளை அதைத் திரும்பியும் பார்க்காது. அப்படிப்பட்ட பொருளின் பெட்டியில் "மூன்று வயதுக்கு மேல்" என்று அச்சிட்டிருந்தால், கைக்குழந்தைக்கான சோதனையைத் தாண்ட முடியாத சரக்கு என்று நான் எடுத்துக்கொள்வேன். பக்கத்தில் ஆறு மாதம், பெட்டியில் மூன்று வயது என்று இரண்டும் முரண்பட்டால் பெட்டியை நம்புங்கள். அந்த இடத்திலேயே தேடலை நிறுத்திவிட்டு வேறு பொருள் பார்க்கலாம். தங்கை கேட்கவில்லை. "ஏதோ தெரியாமல் அச்சிட்டிருப்பார்கள், ஐ.எஸ்.ஐ. முத்திரைதான் இருக்கிறதே" என்றாள்.

முத்திரை: படத்தைப் பார்க்காதீர்கள், எண்ணைப் படியுங்கள்

இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். உள்நாட்டில் செய்தாலும் சரி, இறக்குமதி ஆனாலும் சரி. வெளிநாட்டுத் தொழிற்சாலையும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்திடம் உரிமம் பெற்றுத்தான் இங்கே விற்க முடியும். ஆகவே "இது வெளிநாட்டுச் சரக்கு, ஐ.எஸ்.ஐ. தேவையில்லை" என்று விற்பவர் சொன்னால் அது பொய். ஐரோப்பாவின் CE முத்திரை இருக்கிறது என்பதும் இங்கே ஈடாகாது. அது பெரும்பாலும் தயாரிப்பாளர் தாமே ஒட்டிக்கொள்வது. ISO 9001 என்று போட்டிருந்தால் அது தொழிற்சாலையின் நிர்வாக முறையைப் பற்றியது, பொம்மையைப் பற்றியது அல்ல.

முறையான முத்திரையில் மூன்று பகுதிகள் இருக்கும். நடுவில் ஐ.எஸ்.ஐ. சின்னம். அதற்கு மேலே தர எண். சாதாரணப் பொம்மைக்கு IS 9873, விளக்கு எரிந்தோ பாட்டுப் பாடியோ மின்கலத்தில் இயங்கும் பொம்மைக்கு IS 15644. சின்னத்துக்குக் கீழே CM/L என்று தொடங்கும் உரிம எண், ஏழு அல்லது பத்து இலக்கங்களில். கீழே எண் இல்லாத வெறும் சின்னத்துக்கு மதிப்பே இல்லை. அச்சகத்தில் எதை வேண்டுமானாலும் அச்சிடலாம். அதேபோல, பட்டனை அழுத்தினால் பாடும் பொம்மையில் IS 9873 மட்டும் இருந்தால் எங்கோ இடிக்கிறது என்று பொருள்.

எண்ணைச் சரிபார்க்க அமைவனத்தின் BIS CARE என்ற செயலி போதும், இலவசம்தான். அதில் Verify Licence Details என்ற இடத்தில் எண்ணை இட்டால், உரிமம் யார் பெயரில், எந்த முகவரியில், எந்தப் பொருளுக்கு, எந்த வணிகப் பெயரில் வழங்கப்பட்டது, இப்போது நடப்பில் உள்ளதா என்பது வந்துவிடும். தங்கை அனுப்பிய படத்தைப் பெரிதாக்கி எண்ணை எழுதி எடுத்து, அதை இட்டுப் பார்த்தேன். உரிமம் உண்மையானது, நடப்பிலும் இருந்தது. ஆனால் அது IS 14543. அதாவது பாட்டிலில் அடைத்து விற்கும் குடிநீருக்கான தரம். யாரோ ஒரு தண்ணீர் ஆலையின் எண்ணைத் தூக்கிக் கிலுகிலுப்பைப் பெட்டியில் போட்டிருந்தார்கள்.

"எண் செல்லுபடியாகிறது" என்ற ஒற்றை வரியோடு நின்றுவிடக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். மூன்று பொருத்தம் பார்க்க வேண்டும். செயலி காட்டும் பொருள் பொம்மைதானா, செயலி காட்டும் நிறுவனத்தின் பெயரும் ஊரும் பெட்டியில் உள்ள தயாரிப்பாளரோடு ஒத்துப்போகின்றனவா, வணிகப் பெயர் அதேதானா. கெட்டிக்காரப் போலிக்காரர் வேறொரு பொம்மை நிறுவனத்தின் எண்ணையே திருடுவார். அப்போது முதல் பொருத்தம் ஏமாற்றிவிடும், அடுத்த இரண்டும் காட்டிக்கொடுத்துவிடும்.

விற்பனைப் பக்கத்தில் பெட்டியின் படமே இல்லையா? "கேள்வி கேட்க" என்ற வசதி இருந்தால் உரிம எண்ணைக் கேளுங்கள். முறையாகச் செய்பவருக்கு அது பெருமைக்குரிய எண், உடனே தருவார். "தரமான பொருள் மேடம், கவலை வேண்டாம்" என்று பதில் வந்தால் உங்களுக்கு வேண்டிய விடை கிடைத்துவிட்டது.

பெரிய தளத்தில் வாங்குகிறோம், அவர்கள் சோதித்திருக்க மாட்டார்களா என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. 2025 மார்ச்சில் தர நிர்ணய அமைவனத்தின் சென்னைக் கிளை அதிகாரிகள் திருவள்ளூர் மாவட்டத்தில் பெரிய இணைய வணிகத் தளங்களின் கிடங்குகளிலேயே சோதனையிட்டு, முத்திரை இல்லாத மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பொருட்களைக் கைப்பற்றினார்கள். பொம்மைகளும் டயப்பர்களும் அதில் இருந்தன.

முத்திரை தேவைப்படாத பொம்மைகள்

கைவினைத் துறையில் பதிவுபெற்ற கலைஞர்கள் செய்யும் பொம்மைகளுக்கும், புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளை அதன் பதிவுபெற்ற உரிமையாளர்கள் விற்கும்போதும் இந்தக் கட்டாயத்திலிருந்து விலக்கு உண்டு. சன்னபட்டணத்து மரப் பொம்மை அப்படிப்பட்டது. நம் ஊரில் வெட்பாலை என்று சொல்லும் மரத்தில் கடைந்து, அரக்கில் சாயம் கலந்து மெருகேற்றுவார்கள். நல்ல கலைஞரின் கையில் அது குழந்தை கடிக்கவும் தகுந்தது. ஆனால் இணையத்தில் "சன்னபட்டணம்" என்று தலைப்பிட்டு வருவனவற்றில் பல, வேறெங்கோ எந்திரத்தில் கடைந்து எனாமல் பூசியவை. கைவினைக் கலைஞருக்கு மத்திய அரசு தரும் பெஹ்சான் அட்டையின் எண்ணையோ, புவிசார் குறியீட்டுச் சின்னத்தையோ காட்டச் சொல்லுங்கள்.

விலக்கு என்பது முத்திரைக்குத்தான். கைக்குழந்தைக்கு ஏற்றது என்ற சான்று அல்ல. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மைக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது. அது அலமாரியில் அழகு, வாயில் வைக்க அல்ல. அம்பாசமுத்திரத்து மரச்செப்பில் பாதிச் சாமான்கள் அந்த 31.7 மில்லிமீட்டர் குழலில் இறங்கிவிடும். பிள்ளைக்கு மூன்று வயது ஆகட்டும், பிறகு இறக்குங்கள்.

இங்கே ஒன்று சொல்லியே ஆக வேண்டும். வசம்பு வளையலை இப்போது அழகான அட்டைப்பெட்டியில் இணையத்தில் விற்கிறார்கள். நூல் அறுந்தால் ஒவ்வொரு மணியும் தொண்டையில் சிக்கும் அளவுதான். பாட்டி கட்டினார், உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, உண்மைதான். பாட்டி நாள் முழுதும் பிள்ளையை மடியிலேயே வைத்திருந்தார்.

விற்பவர் யார்?

ஒரே பொருள் பக்கத்தில் பல விற்பனையாளர்கள் இருப்பார்கள். நீங்கள் காலையில் பார்த்தவர் வேறு, மாலையில் பணம் கட்டும்போது இருப்பவர் வேறு. அதனால் பணம் கட்டும் கடைசித் திரையில் "விற்பவர்" என்ற பெயரைத் தொட்டுப் பாருங்கள். 2020-ஆம் ஆண்டு இணைய வணிக விதிகளின்படி, விற்பவரின் வணிகப் பெயர், முகவரி, தொடர்பு எண் ஆகியவற்றைத் தளம் காட்ட வேண்டும். பொருளைச் செய்த நிறுவனத்தின் பெயர், முகவரி, எந்த நாட்டில் செய்தது, அதிகபட்ச சில்லறை விலை ஆகியவையும் பக்கத்தில் இருக்க வேண்டும். தங்கை வாங்கிய பக்கத்தில் தயாரிப்பாளர் என்ற இடத்தில் "பொதுவானது" என்று இருந்தது. தாய் தந்தை பெயர் கேட்டால் "மனிதர்கள்" என்று சொல்வதைப் போல.

அடுத்தது ஜி.எஸ்.டி. எண். பதினைந்து எழுத்தும் எண்ணும் கலந்தது. முதல் இரண்டு இலக்கம் மாநிலம். தமிழ்நாடு என்றால் 33. www.gst.gov.in தளத்தில் Search Taxpayer என்ற இடத்தில் இட்டால், பதிவான பெயரும் பதிவு நடப்பில் உள்ளதா என்பதும் தெரியும். பக்கத்தில் சென்னை முகவரி, ஜி.எஸ்.டி. எண்ணின் தொடக்கம் வேறு மாநிலம் என்றால் ஏன் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. சில நேரம் கிடங்கு வேறு மாநிலத்தில் இருக்கும், அது குற்றமல்ல. பதிவே ரத்தாகியிருந்தால் விலகிவிடுங்கள்.

மதிப்புரைகளில் நட்சத்திரத்தைப் பார்ப்பதை நான் விட்டுவிட்டேன். பழைய பக்கம் ஒன்றின் நல்ல மதிப்புரைகளோடு புதுப் பொருளை ஒட்டவைப்பது நடக்கிறது. தங்கை வாங்கிய பக்கத்தில் மூன்றாவது மதிப்புரை, "என் போனுக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது" என்றது. இரண்டு, மூன்று நட்சத்திர மதிப்புரைகளைத் தேடி, "வாடை", "கழன்றது", "சாயம்" போன்ற சொற்கள் வருகின்றனவா என்று பாருங்கள். கோபத்தில் எழுதுபவர் மிகைப்படுத்தலாம். ஆனால் மூன்று பேர் ஒரே இடத்தில் உடைந்தது என்று படம் போட்டால் அது மிகை அல்ல.

முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் விற்பவர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. நல்ல பருத்தி உடை தைத்துத் தரும் பெண்கள் பலர் அங்கேதான் இருக்கிறார்கள். ஆனால் முகவரி இல்லாமல், ரசீது தர மறுத்து, முழுப் பணத்தையும் முன்கூட்டி யு.பி.ஐ.-யில் அனுப்பச் சொல்பவரிடம் பொம்மை வாங்க வேண்டாம்.

பொருள்: எது கண்ணுக்குத் தெரியும், எது தெரியாது

வர்ணத்தில் ஈயம் இருக்கிறதா, மென்மையான பிளாஸ்டிக்கில் தாலேட் என்னும் நெகிழ்விப்பான் அளவுக்கு மீறி இருக்கிறதா என்பதை வீட்டில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. மூக்கால் முகர்ந்து சொல்வதாகக் காணொளி போடுபவர்களை நம்பாதீர்கள். கடுமையான வாடை அடித்தால் திருப்பி அனுப்புங்கள், சரி. வாடை இல்லை என்பது நற்சான்று ஆகாது. உரிம எண்ணுக்கு இவ்வளவு இடம் கொடுத்தது அதனால்தான். IS 9873-இன் ஒரு பகுதி ஈயம் போன்ற உலோகங்கள் கசிவதைச் சோதிக்கிறது, இன்னொரு பகுதி தாலேட்டுகளை.

பக்கத்தில் "நச்சற்றது" என்று மட்டும் எழுதியிருந்தால் அது வெறும் சொல். என்ன பொருள் என்று பெயர் சொல்ல வேண்டும்: ஏ.பி.எஸ்., பாலிப்ரொப்பிலீன், சிலிக்கோன் என்று. மென்மையாக வளையும் பி.வி.சி. என்றால், முத்திரை இல்லாமல் நான் தொடவே மாட்டேன்.

பால் பாட்டில்: தனிச் சட்டம்

பால் பாட்டிலுக்கு 1992-இல் தனிச் சட்டமே வந்தது, 2003-இல் இன்னும் இறுகியது. தாய்ப்பாலுக்கு மாற்று என்று ஆசை காட்டுவதைத் தடுக்கும் சட்டம் அது. பால் பாட்டிலை விளம்பரப்படுத்துவதும், இலவசம் கொடுத்துத் தூண்டுவதும் குற்றம். "இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்" என்று பாட்டிலுக்குக் கொட்டை எழுத்தில் போடும் விற்பவர், சட்டம் தெரியாதவர் அல்லது தெரிந்தும் மீறுபவர். இரண்டுமே நல்ல அறிகுறி இல்லை.

பிளாஸ்டிக் பாட்டிலில் IS 14625 என்ற எண்ணோடு முத்திரை இருக்க வேண்டும். 2015-இல் திருத்திய அந்தத் தரம் பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக்கை விலக்கியது, அதிலிருந்து பிஸ்பினால்-ஏ என்னும் வேதிப்பொருள் கசியும் என்பதால். பாட்டிலின் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்றிருந்தால் பாலிப்ரொப்பிலீன். 7 என்றிருந்தால் "மற்றவை" என்று பொருள். பாலிகார்பனேட்டும் அதில்தான் வரும், நல்ல பி.பி.எஸ்.யு. பாட்டிலும் அதில்தான் வரும். அதனால் 7-ஐக் கண்டு மிரள வேண்டாம், பொருளின் பெயரைக் கேளுங்கள். பாலாடையில் ஊட்டத் தெரிந்த வீட்டுக்கு இந்தத் தலைவலியே கிடையாது.

பெட்டி வீட்டுக்கு வந்ததும்

தங்கையின் பொட்டலம் நான்காம் நாள் வந்தது. பிரிக்கும்போதே காணொளி எடுக்கச் சொன்னேன். முகவரிச் சீட்டு, மூடிய பெட்டி, உள்ளே உள்ள பொருள் எல்லாம் இடைவெட்டு இல்லாமல் ஒரே காணொளியில் இருக்க வேண்டும். பின்னால் "நீங்கள்தான் உடைத்தீர்கள்" என்ற பேச்சுக்கு அதுதான் பதில்.

பிறகு பிள்ளை தூங்கும் நேரத்தில் மேசையில் பரப்பினோம். வீட்டில் ஆய்வுக்கூடக் குழல் இருக்காது. கழிவறைத் தாள் சுற்றி வரும் அட்டைக் குழல் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் விட்டம் ஏறக்குறைய நான்கு சென்டிமீட்டர், ஆய்வுக்கூடக் குழலைவிடக் கொஞ்சம் பெரிது. அதாவது நம் சோதனை இன்னும் கண்டிப்பானது. அதற்குள் இறங்குவது எதுவும் மூன்று வயதுக்குக் கீழே வேண்டாம். உருண்டைப் பந்து என்றால் குழலை நம்பாமல் அளவுகோலை எடுங்கள், 44.5 மில்லிமீட்டருக்குக் குறைந்த பந்து ஆகாது.

ஒவ்வொரு கிலுகிலுப்பையையும் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தோம், முறுக்கினோம், இடுப்பளவு உயரத்திலிருந்து தரையில் போட்டோம். நான்காவது விழுந்ததும் ஒட்டு பிளந்து, உள்ளிருந்த மணிகள் தரையெல்லாம் ஓடின. தங்கை ஒன்றும் பேசாமல் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.

மீதியையும் சொல்லிவிடுகிறேன். ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேயுங்கள், சாயம் ஒட்டினால் வேண்டாம். ஒரு சாணுக்கு மேல் நீளும் கயிறு கழுத்தில் சுற்றும். மின்கலம் உள்ள பொம்மையில் மூடி திருகால் பூட்டியிருக்க வேண்டும், நகத்தால் திறந்தால் திருப்பி அனுப்புங்கள். இதில் மட்டும் "பார்த்துக்கொள்ளலாம்" என்று விடாதீர்கள். நாணயம் போன்ற பொத்தான் மின்கலத்தை விழுங்கிய குழந்தையின் உணவுக்குழாய் இரண்டு மணி நேரத்துக்குள் வெந்துபோகலாம். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்கவைக்காமல் நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

பழுது தெரிந்த பிறகு

திருப்பி அனுப்பும் முன் எல்லாவற்றையும் படம் எடுங்கள்: பெட்டியின் ஆறு பக்கமும், முத்திரையும், உடைந்த இடமும், ரசீதும், செயலி காட்டிய விவரமும். பொருள் கைவிட்டுப் போனபின் சான்று கிடைக்காது. பணம் திரும்ப வந்துவிட்டது என்று நின்றுவிடாமல், தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்கவும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் விதி உண்டு. நகராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. போலி முத்திரைக்கு BIS CARE செயலியிலேயே புகார் பகுதி இருக்கிறது.

உடைந்ததைத் தைரியமாகக் குப்பையில் போடுங்கள். "வேலைக்கார அம்மாவின் பேரனுக்குக் கொடுத்துவிடலாம்" என்று ஒரு வீட்டில் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தப் பிள்ளைக்கும் தொண்டை அதே அளவுதான்.

தங்கைக்குப் பணம் ஆறு நாளில் வந்தது. தளத்துக்கும் அமைவனத்துக்கும் தண்ணீர் ஆலை எண்ணைப் படத்தோடு அனுப்பினோம். அந்தப் பக்கம் கொஞ்ச நாளில் மறைந்தது. மாதம் ஒன்று போனபின், அதே ஏழு கிலுகிலுப்பை, அதே படங்கள், வேறொரு விற்பவர் பெயரில் 299 ரூபாய்க்கு வந்திருந்தன. பெட்டியின் பின்பக்கப் படத்தை மட்டும் எடுத்துவிட்டிருந்தார்கள். தங்கை மறுபடியும் புகார்ப் பகுதியைத் திறந்தாள்.